கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம்

‘கையால் செய்யப்பட்டது என்பதால் அளவில் சிறு மாறுபாடுகள் இருக்கலாம்.’ இணையத்தில் கைத்தறிப் போர்வையோ, பனையோலைக் கூடையோ வாங்கியவர்கள் எல்லோரும் இந்த வரியைப் பார்த்திருப்போம். படித்திருப்போம் என்று சொல்ல மாட்டேன். சினிமாவுக்கு முன்னால் வரும் புகையிலை எச்சரிக்கையைப் போல, கண் அதைத் தாண்டிப் போய்விடும்.

இந்த வரியில் பொய் ஒன்றும் இல்லை. கையால் செய்தால் மாறுபாடு வரத்தான் செய்யும். ஆனால் ‘சிறு’ என்றால் எவ்வளவு? எதிலிருந்து மாறுபாடு? எந்தப் பக்கம்? மாறினால் யாருக்கு நஷ்டம்? நான்கு கேள்விகளுக்கும் பதில் கிடையாது. ஒரு வாக்கியம் உண்மையாக இருந்துகொண்டே நியாயமில்லாமலும் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சின்ன உதாரணம் எனக்குத் தெரியாது.

இதைப் பற்றி யோசிக்கவைத்தவர் திருமுல்லைவாயலில் எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒருவர். சென்னிமலைப் பக்கத்திலிருந்து கைத்தறிப் போர்வைகளும் ஈரிழைத் துண்டுகளும் வரவழைத்து ஆன்லைனில் விற்கிறார். “தம்பி, நீ எழுதுறவன்தானே. இந்த அளவு விஷயத்துக்கு ஒரு நாலு வரி எழுதிக் கொடேன். யாரும் சண்டைக்கு வராத மாதிரி இருக்கணும்” என்றார். அவருடைய கணவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். அக்காவே சிரித்துக்கொண்டு சொன்னார்: “அவருக்கு இருபது மைக்ரான் தாண்டினா பீஸ் ரிஜெக்ட். நான் ரெண்டு இஞ்சு முன்னபின்ன இருக்கும்னு எழுதுறேன். ஒரே வீட்லதான் இருக்கோம்.”

அந்த இருபது மைக்ரானிலிருந்தே தொடங்கலாம். அம்பத்தூரில் ஒரு பட்டறைக்கு வரும் வரைபடத்தில், ஒரு துளையின் விட்டம் வெறும் 25 மி.மீ. என்று மட்டும் இருக்காது. கூடவே ‘+0.021, −0’ என்று எழுதியிருக்கும். துளை கொஞ்சம் பெரிதாகலாம், சிறிதாகவே கூடாது என்று அர்த்தம். அதற்குள் போக வேண்டிய தண்டுக்கு எழுதும்போது எல்லை மறுபக்கம் இருக்கும்: கொஞ்சம் சிறிதாகலாம், பெரிதாகக் கூடாது. துளை போடுகிறவர் ஒரு பட்டறை, தண்டு கடைகிறவர் வேறு பட்டறை. ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. இரண்டும் பிறகு எங்கோ ஓரிடத்தில் பொருந்துகின்றன.

இதில் கவனிக்க வேண்டியது துல்லியத்தை அல்ல. கைத்தறியில் யாரும் மைக்ரான் கேட்கப்போவதில்லை. கவனிக்க வேண்டியது, அந்த எண்ணுக்கு இரண்டு முகங்கள் இருப்பதை. கடைசலாளருக்கு அது ஒரு பாதுகாப்பு: இதற்குள் இருந்தால் யாரும் உன்னைக் குறை சொல்ல முடியாது. வாங்குபவருக்கு அது ஓர் உறுதிமொழி: இதற்கு வெளியே இருந்தால் நீ எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ‘சிறு மாறுபாடுகள் இருக்கலாம்’ என்ற வரியில் முதல் முகம் மட்டும்தான் இருக்கிறது. விற்பவரை அது காப்பாற்றும். வாங்குபவர் அதை வைத்துக்கொண்டு எந்த இடத்திலும் ‘இது தப்பு’ என்று சொல்ல முடியாது.

கைத்தறித் துணியின் அளவு ஏன் மாறுகிறது? தறியில் பாவு எப்போதும் இழுபட்ட நிலையில்தான் இருக்கும். நெய்யும்போது 90 அங்குலம் என்று நெசவாளர் அளப்பது இழுபட்ட துணியை. நெய்து முடித்தது படமரத்தில் சுற்றிக்கொண்டே போய்விடுவதால், அதை விரித்து மறுபடி அளந்து பார்க்க வழியில்லை. அறுத்து எடுத்ததும் இழுவிசை போய்த் துணி கொஞ்சம் உள்வாங்கும். எவ்வளவு உள்வாங்கும் என்பது அன்றைக்குப் பாவு எவ்வளவு விறைப்பாக இருந்தது, நூலில் கஞ்சி எவ்வளவு, காற்றில் ஈரம் எவ்வளவு என்பதையெல்லாம் பொறுத்தது. அகலத்தில் கதை வேறு. பாவு இழைகளை வரிசைப்படுத்திப் பிடித்திருக்கும் அச்சின் அகலம் மாறாது. அதனால் துணியின் அகலமும் பெரிதாக மாறாது; ஊடை இழையைக் கை எவ்வளவு இழுக்கிறது என்பதைப் பொறுத்து ஓரங்கள் சற்று உள்ளே வரும், அவ்வளவுதான். ஒரே தறியில் ஒரே நெசவாளர் நெய்த போர்வைகளில், நீளத்தைவிட அகலம் சீராக இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஆகவே முதல் பாடம்: நீளத்துக்கு ஓர் எல்லை, அகலத்துக்கு வேறோர் எல்லை. கடை முழுக்க எல்லாப் பொருளுக்கும் ‘±1 அங்குலம்’ என்று ஒட்டிவைப்பது சோம்பேறித்தனம். 90 அங்குலப் போர்வையில் ஓர் அங்குலம் கண்ணுக்கே தெரியாது. 6 அங்குல ஓலைப் பெட்டியில் ஓர் அங்குலம் என்பது ஆறில் ஒரு பங்கு.

இரண்டாவது பாடம்தான் முக்கியமானது. அதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துப் போர்வைகளை இழுக்காமல் தரையில் விரித்து நீளத்தை அளக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்குலத்தில் கிடைப்பவை: 88½, 89, 89, 89½, 88½, 90, 88, 89, 89½, 89. இப்போது இந்தப் போர்வைக்கு என்ன அளவு போடுவது?

‘90 அங்குலம், ±2’ என்று போடலாம். எல்லை 88 முதல் 92 வரை. பத்தும் உள்ளே வருகின்றன. ஒன்றுகூட எல்லை தாண்டவில்லை. யாரும் சண்டைக்கு வர முடியாது. ஆனால் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். பத்தில் ஒன்றுகூட 90-ஐத் தாண்டவில்லை. ஒன்றே ஒன்று சரியாக 90. மீதி ஒன்பதும் குறைவு. கூட்டி வகுத்தால் சராசரி 89. இந்தக் கடையில் வாங்குபவருக்கு 91 அங்குலப் போர்வை கிடைக்கும் அதிர்ஷ்டம் ஒருநாளும் வாய்க்காது. ‘±’ என்ற குறியில் கழித்தல் மட்டும்தான் நிஜம், கூட்டல் வெறும் அலங்காரம்.

இதே பத்துப் போர்வைகளை ‘89 அங்குலம், ±1’ என்றும் எழுதலாம். எல்லை 88 முதல் 90 வரை. இப்போதும் பத்தும் உள்ளே வருகின்றன. துணி மாறவில்லை, நெசவாளர் மாறவில்லை. ஆனால் இந்த முறை குறியின் இரண்டு பக்கமும் உண்மை.

தறியின் மாறுபாட்டுக்கும் வியாபாரத்தின் மாறுபாட்டுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. கை தவறினால் இரண்டு பக்கமும் தவறும். ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். எப்போதும் ஒரே பக்கம் தவறுகிறது என்றால் அது கையின் வேலை இல்லை, முடிவின் வேலை. இழுபட்ட நிலையில் அளந்ததையே அட்டையில் போட யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அல்லது பத்துப் போர்வைக்கு ஓட்டிய பாவிலிருந்து பதினொன்று எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அல்லது பழைய அளவை மாற்றினால் பக்கத்துக் கடையைவிடச் சின்னதாகத் தெரியும் என்று விட்டுவிட்டார்கள். அதை ‘கைத்தறி என்றால் அப்படித்தான்’ என்று சொல்வது, நெசவாளர் எடுக்காத முடிவுக்கு நெசவாளரின் கையைச் சாட்சிக்கு அழைப்பது.

பொட்டலப் பொருட்களின் சட்டம் இதை ரொம்ப நாள் முன்பே புரிந்துகொண்டது. பிரிட்டனில் பொட்டலம் போடுபவர்களுக்கு ‘மூன்று விதிகள்’ என்று இருக்கின்றன. அவற்றில் முதல் விதி, ஒரு தொகுதியின் சராசரி, அட்டையில் போட்ட அளவுக்குக் குறையக் கூடாது. தனிப்பட்ட பொட்டலம் எவ்வளவு குறையலாம் என்பது அதற்கு அடுத்துத்தான் வருகிறது. இந்தியாவில் 2011-இன் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளிலும் இதே யோசனை இருக்கிறது: சராசரிக்கு ஒரு சோதனை, தனித்தனிப் பிழைக்கு ஒரு சோதனை. வேட்டி, சேலை, போர்வை, துண்டு போன்றவற்றைப் பொட்டலமாக விற்றால் முடிவான அளவையும் போட வேண்டும் என்றும் அந்த விதிகள் சொல்கின்றன. ஒரு பொட்டலம் குறைவதை மன்னிக்கலாம். எல்லாப் பொட்டலமும் குறைவதை மன்னிக்க முடியாது என்பதே இதன் சாரம்.

நான் மென்பொருளில் வேலை செய்பவன். அங்கே ஒரு சேவை மாதத்துக்கு இத்தனை நிமிடம் முடங்கலாம் என்று ஒரு வரம்பு வைத்துவிட்டால், அந்த நிமிடங்களைக் கொஞ்ச நாளில் ஒரு பட்ஜெட்டாகவே பேசத் தொடங்குவோம். ‘இன்னும் மிச்சம் இருக்கே, இதை இப்பவே ரிலீஸ் பண்ணிடலாம்.’ சலுகை கொடுத்தால் அது செலவாகும். அளவுக் குறிப்பும் அப்படித்தான். முன்கூட்டியே கேட்கும் மன்னிப்பு, கொஞ்ச நாளில் அனுமதியாகிவிடும். சராசரியைக் காவல் வைக்காத எந்த எல்லையும் கடைசியில் அதன் கீழ் விளிம்பிலேயே போய் உட்காரும்.

“ஒரு இஞ்சுல என்னப்பா ஆகிடப்போகுது? போர்வைதானே” என்று அக்கா கேட்டார். வாங்குபவர் பக்கமிருந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மெத்தையின் நீளம் 75 அங்குலம், தடிமன் 6 அங்குலம். தலைப்பக்கமும் கால்பக்கமும் முழுக்க மூட வேண்டுமென்றால் 75, 6, 6: மொத்தம் 87 அங்குலம். பருத்தி முதல் சில சலவைகளில் சுருங்கும். 3 அங்குலம் என்று வைப்போம். 90 அங்குலப் போர்வை 87 ஆகும், சரியாக மூடும். 88 அங்குலப் போர்வை 85 ஆகும். ஒவ்வொரு முனையிலும் ஓர் அங்குலம் மெத்தை வெளியே தெரியும். புரண்டு படுத்தால் விரிப்பு கழன்று வரும். ‘90 ±2’ என்று படித்தவர் மனதில் 90-ஐத்தான் வைத்திருப்பார். ‘88 முதல் 90 வரை, துவைத்தால் இன்னும் 3 குறையலாம்’ என்று படித்தவர் தன் மெத்தையை அளந்துவிட்டுப் பெரிய அளவை வாங்கியிருப்பார். அந்த ஓர் அங்குலத்தில் துணி பறிபோகவில்லை. தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு பறிபோனது.

பொருளின் பயனைப் பார்த்தால் எல்லை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். தலையணை உறை சின்னதானால் தலையணை உள்ளே போகாது. கொஞ்சம் பெரிதானால் ஒன்றுமில்லை. ஆகவே அதற்கு அந்தத் துளையைப் போல எழுத வேண்டும்: குறையாது, ஓர் அங்குலம் வரை கூடலாம். மேசைக்கு அடியில் செருகும் ஓலைக் கூடைக்கு இது நேர் தலைகீழ். சன்னல் திரைக்கு இன்னொரு சிக்கல். தனித்தனியாக எல்லைக்குள் இருக்கும் இரண்டு திரைகளில் ஒன்று ஓர் அங்குலம் கூடவும் மற்றது ஓர் அங்குலம் குறையவும் இருந்தால், பக்கத்தில் பக்கத்தில் தொங்கும்போது இரண்டு அங்குலம் வித்தியாசம். ஒவ்வொன்றும் சரி, ஜோடி தப்பு. ஜோடியாக விற்பவற்றுக்கு இரண்டுக்கும் நடுவே எவ்வளவு வித்தியாசம் வரலாம் என்று தனியாக ஒரு வரி வேண்டும். இதற்குத் தறியில் எதையும் மாற்ற வேண்டாம். கட்டில் இருப்பவற்றை அளந்து, ஒத்துப்போகும் இரண்டை ஜோடி சேர்த்தால் போதும். விற்பவரின் அரைமணி நேர வேலை.

அளப்பது பற்றி இன்னொன்று. கூடையோ மண்பாண்டமோ ஒரே ஒரு உருப்படிதான் இருக்கிறது, அதைத்தான் படம் எடுத்துப் போட்டிருக்கிறோம், அதைத்தான் அனுப்பப்போகிறோம் என்றால், மாறுபாட்டுக் குறிப்பே தேவையில்லை. பொருள் கையில் இருக்கிறது. டேப்பை எடுத்து அளந்து அந்த எண்ணை எழுதிவிடலாம். இன்னும் நெய்யாத துணிக்கும், அடுக்கில் எது போகும் என்று தெரியாத பத்தில் ஒன்றுக்கும்தான் எல்லை தேவைப்படுகிறது. கையில் இருப்பதைப் பார்த்துக்கொண்டே ‘மாறுபடலாம்’ என்று எழுதுவது, தெரிந்துகொள்ளாமல் இருப்பதை ஒரு வசதியாக வைத்துக்கொள்வது.

இந்த இடத்தில் மெட்ராஸ் துணியின் பழைய கதை ஒன்று குறுக்கே வரும். 1950-களின் கடைசியில் இங்கிருந்து அமெரிக்காவுக்குப் போன கைத்தறிக் கட்டம்போட்ட துணி, துவைத்ததும் சாயம் விட்டது. வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். பிறகு விளம்பரக்காரர்கள் அதையே பெருமையாக மாற்றி, ‘சாயம் போகும் என்று உத்தரவாதம்’ என்று எழுதி விற்றார்கள். துணி பேயாக விற்றது. குறையை அழகாக்கும் எழுத்தின் வெற்றி என்று இந்தக் கதையைச் சொல்வார்கள். ‘ஒவ்வொன்றும் தனித்துவமானது, இதன் குறைகளே இதன் அழகு’ என்று இன்று கைத்தறிக் கடைகள் எழுதுவதெல்லாம் இதன் பேரப்பிள்ளைகள்தான்.

எனக்கு அந்த விளம்பரத்தின் மேல் கோபம் இல்லை. அது நடக்கப்போவதை முன்னாலேயே சொன்னது. ஒவ்வொரு துவையலிலும் நிறம் மங்கிக் கலந்து வருவதை விரும்பியவர் வாங்கினார், விரும்பாதவர் விட்டார். ஆனால் அளவுக்கு இந்த வித்தை செல்லாது. 2 அங்குலம் குறைந்த விரிப்பு கழன்று வரும்போது அதில் எந்த அழகும் இல்லை. மேலும், ‘குறைகளே அழகு’ என்ற வாக்கியத்தில் இன்னொருவர் அவமானப்படுகிறார். ஊடையில் ஒரு சாண் தவறினால் கட்டம் கோணும் என்று கண் வைத்து நெய்கிறவர், அகலத்தை அரை அங்குலத்துக்குள் நிறுத்துகிறவர், பாவம் அவருக்குச் சரியாக வராது என்பதுபோல அவருடைய பொருள் விற்கப்படுகிறது.

நெசவாளரைப் பற்றிப் பேசும்போது இன்னொரு நியாயமும் வருகிறது. வாடிக்கையாளரிடம் தாராளமாக ‘±2’ என்று எழுதிவிட்டு, நெசவாளரிடம் அரை அங்குலம் குறைந்ததற்குக் கூலியில் பிடிக்கும் வழக்கம் எங்கும் நடக்கக்கூடியதுதான். அப்போது மாறுபாட்டின் லாபம் முழுவதும் நடுவில் இருப்பவருக்கு. இரண்டு பக்கமும் ஒரே எண்ணைச் சொல்வதுதான் சரி. 88 முதல் 90 வரை என்று வாடிக்கையாளருக்குச் சொன்னால், 88-இல் வந்த போர்வைக்கும் நெசவாளருக்கு முழுக் கூலி. இதைச் சொன்னபோது அக்கா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. “அப்ப எல்லாரும் எம்பத்தெட்டுலயே அறுத்தா?” என்றார். சரியான கேள்வி. அதற்குத்தான் சராசரி. ஒவ்வொரு கட்டு வந்ததும் பத்தை விரித்து அளக்க வேண்டும். சராசரி 89-க்குக் கீழே இறங்கினால் முதலில் நெசவாளரிடம் பேச வேண்டும். பாவில் பிரச்சனையா, நூல் மாறியதா, கூலி போதவில்லையா என்று. அதற்குள் அந்தக் கட்டுக்கு அட்டையில் இருக்கும் எண்ணையும் மாற்றிவிட வேண்டும்.

கடைசியில் எழுதிக் கொடுத்த குறிப்பு இது:

*அளவு: 89 அங்குல நீளம், 60 அங்குல அகலம். துவைக்காத துணியை, இழுக்காமல், தரையில் விரித்து நடுவில் அளந்தது. குஞ்சம் கணக்கில் இல்லை.*

*கைத்தறியில் நெய்தது என்பதால் உங்களுக்கு வரும் போர்வை நீளத்தில் 88 முதல் 90 வரையும், அகலத்தில் 59½ முதல் 60½ வரையும் இருக்கும். கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். முதல் சில சலவைகளில் நீளம் இன்னும் 3 அங்குலம் வரை சுருங்கலாம். உங்கள் மெத்தையை அளந்துவிட்டு வாங்குங்கள்.*

*ஜோடியாக வாங்கினால் இரண்டுக்கும் நீளத்தில் அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருக்காது.*

*இந்த எல்லைக்கு வெளியே இருந்தால், துவைப்பதற்கு முன் இதேபோல் அளந்து ஒரு படம் அனுப்புங்கள். எங்கள் செலவில் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தருகிறோம்.*

அக்கா இரண்டு முறை படித்தார். “சண்டைக்கு வராத மாதிரி எழுதச் சொன்னேன். நீ எப்படிச் சண்டை போடணும்னு சொல்லிக் குடுத்திருக்க” என்றார்.

அதுதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன். 2020-இன் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, விளம்பரப்படுத்திய தன்மையில் இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது. ஆனால் ‘சிறு மாறுபாடுகள் இருக்கலாம்’ என்பதுதான் விளம்பரம் என்றால், எந்தப் பொருள் அதற்குப் பொருந்தாமல் போகும்? சட்டம் கொடுத்த உரிமை அந்த ஒரு சொல்லில் கரைந்துவிடுகிறது. எண் போட்டால், டேப் வைத்திருக்கும் யாரும் நீதிபதி ஆகலாம்.

இந்தக் குறிப்பால் முடியாததும் உண்டு. போர்வையை இழுத்துப் பிடித்து அளந்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று நம்புகிறவரையும், துவைத்துவிட்டுக் குறைகிறது என்று திருப்பி அனுப்புகிறவரையும் எந்த வாக்கியமும் தடுக்காது. அந்த நஷ்டத்தில் கொஞ்சம் அக்காவின் தலையில் விழும். 90 என்று போட்டிருக்கும் கடைக்குப் பக்கத்தில் 89 என்று போட்டால் சில பேர் அங்கே போவார்கள். இரண்டு போர்வையும் ஒரே நீளமாக இருக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியாது. நேர்மையான எண்ணுக்கு இப்படி ஒரு விலை இருக்கத்தான் செய்கிறது. அந்த விலை அங்குலம் அங்குலமாக முகம் தெரியாத ஒருவர் மெத்தையிலிருந்து எடுக்கப்படாமல், விற்பவரின் கணக்கில் வெளிப்படையாக எழுதப்படுகிறது. தேய்மானம் யாருடையது என்று தெரிந்திருப்பதுதான் நியாயத்தில் பாதி.